டேனரி பாக்கிக்கு நாள் கேட்பது எப்படி? சிறு ஷூ யூனிட்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருபது முப்பது மெஷின் போட்டு ஷூவோ செருப்போ தைக்கும் யூனிட்டுகளில், மாதச் செலவில் பெரிய தொகை தோலுக்குப் போகிறது. அந்தத் தோல் கடனில் வருகிறது. சரக்கு வாங்கிய மொத்த வியாபாரி ஒருவர் பணத்தை ஆறு வாரம் தள்ளிப்போட்டால் டேனரி பில்தான் முதலில் இடிக்கும். அப்போது டேனரி முதலாளியிடம் எப்படிப் போய் நாள் கேட்பது, எத்தனை தவணை சொல்வது, எழுத்தில் என்ன கொடுப்பது என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

இது தற்காலிகப் பணமுடைக்கான வழி மட்டுமே. வர வேண்டிய பணம் எங்கிருந்து, எப்போது வரும் என்று சொல்ல முடிந்தால்தான் தவணை கேட்கலாம். மாதா மாதம் நஷ்டத்தில் ஓடும் யூனிட் தவணை கேட்டால், அந்த நஷ்டத்தை டேனரிக்காரர் தலையில் தள்ளுவதாகத்தான் முடியும்.

முதலில் கணக்கு, பிறகு பேச்சு

பேரணாம்பட்டில் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வாணியம்பாடி டேனரி ஒன்றுக்கு மூன்று பில் பாக்கி. ஜூன் 12 தேதியிட்டது ₹2,10,000. ஜூன் 28 தேதியிட்டது ₹2,50,000. ஜூலை 15 தேதியிட்டது ₹1,80,000. மொத்தம் ₹6,40,000. பேசிய கெடு 45 நாள். அதன்படி முதல் பில் ஜூலை 27, இரண்டாவது ஆகஸ்ட் 12, மூன்றாவது ஆகஸ்ட் 29 அன்று கட்ட வேண்டும். ஜூலை 22 அன்று ₹5,40,000 தர வேண்டிய மொத்த வியாபாரி, ஜூலை 17 அன்று போன் செய்து செப்டம்பர் 5-க்குத்தான் முடியும் என்கிறார்.

டேனரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, அந்த மொத்த வியாபாரியிடம் செப்டம்பர் 5 என்ற தேதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குவது. நீங்கள் டேனரியிடம் சொல்லப்போகும் ஒவ்வொரு தேதிக்கும் அதுதான் அடிப்படை. இரண்டாவது, வாரவாரியாக ஒரு தாளில் பணப்போக்கை எழுதுவது. மாதவாரியாக எழுதினால் ஓட்டை தெரியாது. மாதக் கடைசியில் கையிருப்பு சரியாக நிற்கும். நடுவில் ஒரு சனிக்கிழமை கூலி கொடுக்கப் பணம் இருக்காது.

நம் யூனிட்டுக்கு ஜூலை 20 அன்று வங்கியில் ₹1,10,000 இருக்கும். சில்லறைக் கடைகளிலிருந்து வாரம் ₹1,30,000 வருகிறது. கூலி ₹55,000, சோல், பசை, நூல், பெட்டி ₹20,000, புதுத் தோல் ரொக்கத்துக்கு ₹30,000 போக வாரம் ₹25,000 நிற்கிறது. இது தவிர மாதம் 5-ந் தேதி வாடகை, மின்கட்டணம், வங்கித் தவணை எல்லாம் சேர்த்து ₹60,000, 20-ந் தேதி ஜிஎஸ்டி ₹30,000 போகும்.

இதை வாரம் வாரமாகக் கூட்டிக் கழித்தால், பெரிய பணம் வருவதற்கு முன் டேனரிக்கு ஒதுக்க முடிவது சுமார் ஒரு லட்சம்தான். பார்த்தால் ₹1,50,000 கூடக் கொடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் செப்டம்பர் 5 அன்று வாடகையும் வங்கித் தவணையும் ஒன்றாகப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. அன்று வர வேண்டிய பெரிய பணம் பத்து நாள் தள்ளினாலும் யூனிட் நிற்கக் கூடாது. அதையும் சேர்த்துப் போட்டால் வரும் தவணைகள் இவை:

ஜூலை 25: ₹50,000
ஆகஸ்ட் 12: ₹25,000
ஆகஸ்ட் 31: ₹25,000
செப்டம்பர் 15: ₹2,75,000
செப்டம்பர் 30: ₹2,65,000

இதில் கவனிக்க வேண்டியது செப்டம்பர் 15. பணம் 5-ந் தேதி வரும் என்று சொன்னதற்காக 6-ந் தேதி தருவதாகச் சொல்லவில்லை. ஒருமுறை தள்ளிப்போட்டவர் மறுமுறையும் சில நாள் தள்ளுவார் என்று எடுத்துக்கொண்டு பத்து நாள் இடம் விடப்பட்டிருக்கிறது. முன்னதாகவே வந்துவிட்டால் முன்னதாகவே கட்டிவிடலாம். அதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

முதல் தவணை ₹50,000 என்பதற்கும் காரணம் உண்டு. டேனரிக்காரர் ஜூன் மாதப் பில்லுக்கான ஜிஎஸ்டியை, நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், ஜூலையில் தன் கைப்பணத்திலிருந்து அரசுக்குக் கட்டியிருப்பார். மூன்று பில்லின் வரித்தொகையையும் கூட்டிப் பாருங்கள். முதல் தவணை அதற்குக் குறையாமல் இருப்பது நல்லது. “உங்க கைக்காசுல கட்டின டேக்ஸ் இதுல அடங்கிடுது பாய்” என்று சொல்ல முடிவது பெரிய விஷயம். அவர் நஷ்டம் எங்கே வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் புரியும்.

எப்போது, யாரிடம் போவது

முதல் பில்லின் கெடுவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் போக வேண்டும். நம் கணக்கில் ஜூலை 18, 19. கெடு தாண்டிய பிறகு போனால் அதே வார்த்தைகள் சாக்காகத்தான் கேட்கும். அவர் உங்கள் ₹2,10,000-ஐ நம்பி வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருப்பார். முன்கூட்டியே தெரிந்தால் அவரும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

அவருடைய பணமுடைக்கும் ஒரு காலம் உண்டு. பக்ரீத்தை ஒட்டி ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஒரே நேரத்தில் வந்து குவியும். பச்சைத்தோல் வாங்க டேனரிகளுக்கு அந்தச் சில வாரங்களில் ரொக்கம் வேண்டும். அந்த வாரத்தில் நாள் கேட்டால் நல்ல மனுஷர்கூட முடியாது என்பார். தவிர்க்க முடியாமல் அப்போது கேட்க வேண்டி வந்தால் முதல் தவணையைப் பெரிதாகவும் பின்தவணைகளைச் சிறிதாகவும் மாற்றிப் போடுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்திலும், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்திலும் போகாமலிருப்பது நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேரில் போங்கள். முதலாளியிடம் பேசுங்கள். கணக்குப்பிள்ளையிடம் முதலில் சொன்னால் அவர் அதை “பேரணாம்பட்டு பார்ட்டி பணம் தரமாட்டாராம்” என்று ஒரே வரியாக்கி மேலே கொண்டுபோவார். சரக்கு புரோக்கர் மூலம் வந்திருந்தால் முதலாளியிடம் பேசிய அன்றே புரோக்கருக்கும் சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சை நம்பித்தான் உங்களுக்குக் கடன் கிடைத்தது. ஆனால் புரோக்கரைத் தூது அனுப்பாதீர்கள். இந்த ஊர்களில் தோல் வியாபாரம் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மூன்றாம் ஆள் வாயிலாகப் போகும் செய்தி நாலு டேனரிக்குப் பரவிய பிறகுதான் உரியவரிடம் போய்ச் சேரும்.

எல்லா சப்ளையரிடமும் ஒரே நேரத்தில் நாள் கேட்பதும் கூடாது. நூல் கடைக்காரர், பெட்டி செய்பவர், வெளியே தையல் எடுப்பவர் ஆகியோருக்குத் தர வேண்டியது சிறு தொகை. அது தள்ளினால் அவர்கள் வீட்டுச் செலவே நின்றுவிடும். அவர்களுக்குச் சொன்ன நாளில் கொடுத்துவிட்டு, பெரிய பாக்கி உள்ள, பல வருஷப் பழக்கமுள்ள ஒரே இடத்தில் பேசுவதுதான் முறை.

என்ன பேசுவது

பேச்சில் ஐந்து விஷயம் வந்தால் போதும்: எவ்வளவு பாக்கி, ஏன் தள்ளுகிறது, இன்று என்ன தர முடியும், மீதி எந்தத் தேதிகளில், புதுச் சரக்கை எப்படி எடுக்கப்போகிறீர்கள். குடும்பக் கஷ்டம், மார்க்கெட் மந்தம், அரசாங்கம் என்று சுற்ற வேண்டாம்.

“பாய், நம்ம மூணு பில் ஆறு லட்சத்து நாப்பதாயிரம் நிக்குது. மொதல் பில் இந்த 27-ந் தேதி குடுக்கணும். எனக்கு அஞ்சு லட்சத்து நாப்பது வர வேண்டிய பார்ட்டி செப்டம்பர் அஞ்சுன்னு தள்ளிட்டாரு, இதோ அவர் மெசேஜ். 25-ந் தேதி அம்பதாயிரம் போடறேன். ஆகஸ்ட்ல ரெண்டு தடவை இருபத்தஞ்சு. செப்டம்பர் பதினஞ்சு, முப்பதுல மொத்தமும் முடிச்சிடறேன். அதுவரைக்கும் புதுசா எடுக்கற தோலுக்கு அப்பவே பணம் போட்டுட்டு எடுத்துக்கறேன்.”

இவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவர் சொல்லக்கூடியது பெரும்பாலும் இதுதான்: “நீ நாள் கேட்டா நான் பெரியமேட்டு மண்டிக்கு என்னத்த குடுக்கறது?” இதற்குப் பதில் வாதம் செய்வதல்ல. “எந்தத் தேதியில உங்களுக்கு ரொம்ப இடிக்குது பாய்?” என்று கேளுங்கள். ஆகஸ்ட் 20-ல் அவருக்கு ஒரு பெரிய பேமெண்ட் இருக்கிறது என்று தெரிந்தால் ஆகஸ்ட் 31 தவணையை 19-க்குக் கொண்டுவர முடியுமா என்று உங்கள் தாளில் பார்க்கலாம். மொத்தத் தொகை அதேதான், தேதி மட்டும் அவருக்குத் தோதாக அமைகிறது. அவர் இன்னும் அதிகமாகக் கேட்டால் அங்கேயே சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். “சாயங்காலம் கணக்கப் பாத்துட்டுச் சொல்றேன்” என்பது மரியாதையான பதில்தான். சங்கடத்தில் ஒப்புக்கொண்ட ஒரு லட்சத்தை ஆகஸ்டில் கொடுக்க முடியாமல் போனால் பேச்சு முழுக்க வீண்.

ஜூலை 15 லாட் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் வரும்: பணம் வராது என்று தெரிந்துகொண்டே சரக்கு எடுத்தாயா என்று. அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். எடுத்தபோது தெரியாது, 17-ந் தேதிதான் தெரிந்தது. கையிலிருக்கும் ஆர்டருக்குத் தேவைப்படாத, வெட்டாத தோல் அந்த லாட்டில் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கலாம். கலரும் கனமும் ஓடுகிற வகையாக இருந்தால் அவர் எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் போடுவார். எடுக்காவிட்டாலும், நீங்கள் சரக்கைப் பதுக்கவில்லை என்பது தெரிந்துபோகும்.

இந்தப் பேச்சில் தரப் புகாரைக் கலக்கவே கூடாது. “போன லாட்டுல செலக்‌ஷன் சரியில்ல, அளவு குறையுது” என்று பாக்கி கட்ட வேண்டிய வாரத்தில் ஆரம்பித்தால், புகார் உண்மையாகவே இருந்தாலும் பணம் தராமலிருக்கச் சொல்லும் பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வார். நல்லெண்ணம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிறு தொழில் சட்டப்படியும் சரக்கு பற்றிய ஆட்சேபணையை வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. தோல் வந்த வாரமே அளந்து, சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிடுவதுதான் சரி.

வட்டி தரலாமா?

எடுத்த எடுப்பில் வட்டி என்று சொல்லாதீர்கள். நம் பகுதி டேனரி முதலாளிகளில் பலர் மார்க்க ரீதியாக வட்டி வாங்க மாட்டார்கள். அவர்களிடம் “மாசம் ஒண்ணு ரூபா வட்டி போட்டுத் தரேன்” என்பது உபகாரமாகத் தெரியாது, மனசை நோகடிக்கும். அதற்குப் பதிலாகக் கொடுக்கக்கூடியவை உண்டு. ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியை இந்த மூன்று மாதம் கேட்காமல் விடலாம். அவரிடம் தேங்கியிருக்கும் இரண்டாம் செலக்‌ஷனில் உங்களுக்கு லைனிங்குக்கோ சிறு பாகங்களுக்கோ பயன்படும் லாட்டை ரொக்கத்துக்கு எடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாரம் ₹30,000-க்கு எடுக்கும் புதுத் தோலை அவரிடமே எடுப்பது. அவருக்கு ஆறு லட்சம் பாக்கி வைத்துவிட்டு அடுத்த டேனரியில் ரொக்கத்துக்குத் தோல் வாங்கினால் ஒரு வாரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் தவணையும் நிற்காது.

வட்டி வாங்குகிறவராக இருந்தால் விகிதத்தையும் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாமதத்துக்காக வாங்கும் வட்டி சரக்கின் மதிப்பில் சேர்ந்து அதற்கும் ஜிஎஸ்டி வரும் என்பதால் அவர் டெபிட் நோட் போட வேண்டும்.

சட்டத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாள் கணக்கு

டேனரி உத்யம் பதிவு உள்ள குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். அவர் மனசு வைத்து நாள் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் 45 நாளுக்கு மேல் தாமதம்தான். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை அவருக்கு இருக்கும். பழக்கம் நன்றாக இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. கெட்டுப்போனால் கேட்பார்கள்.

வருமான வரியிலும் இது ஒட்டிக்கொண்டு வருகிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இப்படிக் கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நின்றால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது; கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். நம் தவணை செப்டம்பர் 30-ல் முடிவதால் பாதிப்பில்லை. இதே முடை பிப்ரவரியில் வந்தால் கதை வேறு. கடைசித் தவணையை மார்ச் 31-க்குள் கொண்டுவர என்ன செய்யலாம் என்று ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டும். தோலை வாங்கி விற்கும் வியாபாரியாக மட்டும் இருப்பவருக்கு இந்த 45 நாள் விதி பொதுவாகப் பொருந்தாது.

மூன்றாவது, ஜிஎஸ்டியின் 180 நாள். பில் தேதியிலிருந்து அதற்குள் பணம் தராவிட்டால் நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு வரவை மறுபடி எடுக்கலாம். ஜூன் 12 பில்லுக்கு அந்த நாள் டிசம்பர் 9. தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் தாளில் குறித்து வையுங்கள். “பில்லைக் கேன்சல் பண்ணிட்டுப் புதுத் தேதியில போட்டுக் குடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கணக்கு ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும். உங்கள் முடைக்காக அவரைத் தவறான பில் போடச் சொல்வதாகிவிடும்.

எழுத்தில் கொடுப்பது

பேசி முடிந்த அன்றே லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அசல் கையில் போகட்டும். அதில் இருக்க வேண்டியது:

“ஜூலை 19 அன்று நேரில் பேசியபடி, கீழ்க்கண்ட மூன்று பில்களுக்கான பாக்கி ₹6,40,000 என்பதை ஒப்புக்கொள்கிறோம். (பில் எண், தேதி, தொகை.) இதைக் கீழ்க்கண்ட ஐந்து தேதிகளில் வங்கி மூலம் செலுத்துவோம். ஒவ்வொரு தவணையும் பழைய பில்லில் முதலில் வரவு வைக்கப்பட வேண்டுகிறோம். இக்காலத்தில் எடுக்கும் புதுச் சரக்குக்கு முன்பணம் செலுத்தி எடுப்போம். அந்தத் தொகை புதுப் பில்லுக்கே வரவாகும். தாங்கள் கொடுத்த அவகாசத்துக்கு நன்றி.”

வரவு வைக்கும் வரி சின்னதாகத் தெரியலாம், ஆனால் சண்டை அங்கேதான் பிறக்கிறது. எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் பணம் அனுப்பினால், புதுத் தோலுக்கு என்று நீங்கள் போட்ட ₹30,000-ஐ அவர் கணக்குப்பிள்ளை பழைய பாக்கியில் போட்டுவிட்டு லோடை நிறுத்திவிடுவார். இந்தியன் ஒப்பந்தச் சட்டப்படி பணம் கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால், வாங்கிக்கொள்பவர் அதன்படிதான் வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் இஷ்டம். அதனால் ஒவ்வொரு முறையும் பணம் அனுப்பிய கையோடு பில் எண்ணையும் யுடிஆர் எண்ணையும் போட்டு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

அவர் பின்தேதியிட்ட செக் கேட்கலாம். ஐந்து தவணைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சிறு தவணைகள் உங்கள் கையிலிருக்கும் பணத்திலிருந்து போகிறவை. அவற்றுக்குச் செக் கொடுக்கலாம். செப்டம்பர் தவணைகள் இன்னொருவர் பணத்தை நம்பியவை. அந்தச் செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு. “பார்ட்டி பணம் வந்ததும் அன்னிக்கே ஆர்டிஜிஎஸ் போடறேன், அதுக்குச் செக் எழுதி ரெண்டு பேரும் சங்கடப்பட வேணாம் பாய்” என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது.

தவணை ஓடும்போது

ஜூலை 25 என்று சொன்ன முதல் தவணையை 24-ந் தேதியே அனுப்புங்கள். மற்ற நான்கையும் அவர் எவ்வளவு நம்புவார் என்பது அதில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் ஏதாவது இடித்தால் இரண்டு நாள் முன்பே போன் செய்து, இருப்பதை அனுப்பி, மீதிக்குத் தேதி சொல்லுங்கள். ₹25,000-க்குப் பதில் ₹15,000 சொன்ன நாளில் போவது, ஐந்து நாள் கழித்து முழுதாகப் போவதைவிட மேல். அவர் போன் செய்யும்போது நீங்கள் எடுக்காமலிருப்பதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு. மூன்று முறை எடுக்காவிட்டால் நான்காவது போன் புரோக்கருக்குப் போகும்.

செப்டம்பர் 5 நெருங்கும்போது உங்கள் மொத்த வியாபாரியை விடாதீர்கள். உங்கள் யூனிட்டும் உத்யம் பதிவு பெற்ற உற்பத்தி யூனிட் என்றால் அதே 45 நாள் விதி அவருக்கு எதிராக உங்களுக்கும் இருக்கிறது. அந்தத் தேதி ஆட்டம் காண்கிறது என்று தெரிந்த அன்றே டேனரிக்குச் சொல்லிவிட வேண்டும், 15-ந் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

கடைசித் தவணை போனதும், பாக்கி இல்லை என்று அவர் கணக்கிலிருந்து ஒரு லெட்ஜர் நகல் வாங்கி உங்கள் டேலியோடு ஒத்துப் பாருங்கள். கொடுத்த செக் ஏதாவது மாற்றாமல் நின்றிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த லாட்டைக் கடனில் கேட்க அவசரப்பட வேண்டாம்; அக்டோபரில் ஒரு லாட் ரொக்கத்துக்கே எடுங்கள். பழைய 45 நாள் கெடுவை மறுபடி தொடங்கலாமா என்பதை அவர் வாயிலிருந்து வரவிடுங்கள்.